திருப்பத் திருப்ப மங்கும் ஜேபெக் படம்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மாமா ஒருவர் தன் வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தார். மொத்தம் 14 பக்கம். ஸ்கேன் போட்ட கடையில் 3 பக்கத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள், கடைசியில் இருந்த புல வரைபடம் பக்கவாட்டில் படுத்திருந்தது. மாமா ஒவ்வொன்றாகத் திறந்து, திருப்பி, சேவ் செய்திருக்கிறார். தப்பான பக்கம் திரும்பிவிட்டால் மறுபடி திருப்பி மறுபடி சேவ். அப்புறம் மகனுக்கு அனுப்ப, அவன் கறுப்பு ஓரத்தை வெட்டி, வெளிச்சம் கூட்டி, இன்னும் இரண்டு தடவை சேவ் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறான். என் கைக்கு வந்தபோது வரைபடத்தில் இருக்கும் அளவு 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியவில்லை, எழுத்தின் மேல் இருப்பது புள்ளியா அழுக்கா என்று தெரியவில்லை, வட்ட முத்திரையின் சிவப்பு பக்கத்துத் தாளில் ஊறியது மாதிரி பரவிக் கிடந்தது.

"ஃபைலைத் திறந்து திறந்து பார்த்தால் தேய்ந்துபோகுமா மாப்ள?" என்று கேட்டார். இல்லை. திறப்பதாலும், காப்பி எடுப்பதாலும், பென் டிரைவில் போடுவதாலும் ஒரு பிட்கூட மாறாது. ஜேபெக்கைக் கெடுப்பது சேவ் பட்டன்தான், அதுவும் பிக்சலாக விரித்த படத்தை மறுபடி சுருக்கி எழுதும் சேவ். அந்தச் சேவ் நடந்ததா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, நடக்காமல் படத்தைத் திருப்புவது எப்படி என்பதை அவருடைய ஃபைல்களை வைத்தே சொல்கிறேன். கமாண்டுகள் லினக்ஸில் எழுதியவை. உபுண்டு, டெபியன் என்றால் `libjpeg-turbo-progs`, `imagemagick`, `libimage-exiftool-perl`, `exiftran` என்ற நான்கு பேக்கேஜ் போதும். விண்டோஸில் `IrfanView` அதன் பிளக்இன்களோடு இருந்தால் Shift+J அழுத்தினால் இதே வேலைக்கான பெட்டி வரும்.

## அறிகுறி: திருப்பியதும் ஃபைல் அளவு எங்கேயோ போய்விட்டது

முதலில் இதைப் பாருங்கள், ஏனென்றால் இதுதான் சுலபம். 2.1 எம்பி இருந்த பக்கம் திருப்பிய பிறகு 700 கேபி ஆகியிருந்தால் அந்த மென்பொருள் படத்தை முழுக்கப் பிரித்து, திருப்பி, தன் இஷ்டப்படி மறுபடி சுருக்கியிருக்கிறது. இழப்பில்லாமல் திருப்பினால் அளவு கிட்டத்தட்ட அதேதான் இருக்கும், கொஞ்சம் மேலே கீழே போகலாம். அளவு கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். தரம் 100 என்று வைத்துச் சேவ் செய்தால் ஃபைல் ஊதிவிடும், ஆனால் அதற்குள் இருப்பது ஏற்கனவே மங்கிய படம்தான்.

இன்னும் கொஞ்சம் உறுதியாக வேண்டுமென்றால் இரண்டு ஃபைலையும் இப்படிக் கேளுங்கள்:

```
identify -format "%f %wx%h %Q %[jpeg:sampling-factor]\n" p01.jpg p01-new.jpg
```

`%Q` என்பது தர எண்ணின் மதிப்பீடு. முதல் ஃபைல் 90, திருப்பியது 75 என்று வந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இந்த எண் கடைசிச் சேவைப் பற்றி மட்டும்தான் பேசும். 75-இல் சேவ் செய்து, அடுத்த ஆள் 95-இல் சேவ் செய்தால் 95 என்றுதான் காட்டும், நடுவில் நடந்த கொலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மாமாவின் மகன் அனுப்பிய ஃபைல்கள் எல்லாம் 95. அதைப் பார்த்துவிட்டு ஸ்கேனரைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன்.

## அறிகுறி: எழுத்தைச் சுற்றிப் புழுதி, சமமான இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கொசு மொய்த்தது போல இருக்கும். க் மேல் உள்ள புள்ளி அந்தக் கொசுக்களில் ஒன்றாகிவிடும். தமிழ் எழுத்தில் இது ஆங்கிலத்தைவிட மோசமாகப் படும், ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் மொழியில் புள்ளி அளவுள்ள விஷயங்களைத்தான் ஜேபெக் முதலில் கைவிடுகிறது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் ஜேபெக் பிக்சலைச் சேமித்து வைப்பதில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1992-இல் வந்த அந்தத் தரநிலை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் 64 கோட்டு மாதிரிகளின் கலவையாக எழுதுகிறது: இந்த அகலமான செங்குத்துப் பட்டை இவ்வளவு, அந்த நெருக்கமான கிடைக்கோடு இவ்வளவு என்று 64 எண்கள். பள்ளிக்கூடக் கணக்கில் கெழு என்று படித்தோமே, அதேதான். இதுவரை பெரிதாக எதுவும் தொலையவில்லை. தொலைவது அடுத்த படியில்: ஒவ்வொரு எண்ணையும் அதற்கென்று உள்ள ஒரு படி அளவால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, மிக அருகில் உள்ள முழு எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறது. படி அளவுகளின் பட்டியல் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். தரம் குறைத்தால் படி பெரிதாகும், அவ்வளவுதான் அந்தத் தர எண்ணுக்கு அர்த்தம்.

ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். கட்டத்தில் ஒரு மாதிரியின் எண் 37, படி 16. வகுத்தால் 2.31, எழுதுவது 2. திறக்கும்போது 2×16, அதாவது 32. 5 போய்விட்டது, போனது போனதுதான். இப்போது இன்னொரு மென்பொருள் இதே படத்தைப் படி 22 வைத்துச் சேவ் செய்கிறது. 32-ஐ 22-ஆல் வகுத்தால் 1.45, எழுதுவது 1, திறந்தால் 22. மூன்றாவது ஆள் மறுபடி 16: 22-ஐ வகுத்தால் 1.375, எழுதுவது 1, திறந்தால் 16. 37-இல் தொடங்கியது 16-இல் நிற்கிறது. பாதிகூட இல்லை. 37-ஐ நேராக 22-ஆல் வகுத்திருந்தால் 1.68, எழுதுவது 2, திறந்தால் 44 என்று வந்திருக்கும், தவறு 7 மட்டுமே. அதாவது குறைந்த தரத்தில் ஒரே ஒரு முறை சேவ் செய்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஒவ்வொரு சேவிலும் படம் ஒரே வேகத்தில் தேய்ந்துகொண்டே போகும், நூறு தடவை சேவ் செய்தால் நூறு பங்கு கெடும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. அதே மென்பொருள், அதே தரம், படத்தில் ஒன்றும் மாற்றாமல் சேவ் என்றால் 32-ஐ 16-ஆல் வகுத்தால் சரியாக 2, மறுபடி 32. நடுவில் பிக்சலாக விரிக்கும்போது 0 முதல் 255 வரையிலான முழு எண்ணாக்குவதால் சின்னச் சின்ன ஆட்டம் வரும், சில சேவுகளில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். உண்மையான சேதம் மூன்று இடத்தில் நடக்கிறது: படி அளவு மாறும்போது, கட்டங்களின் கோடு இடம் பெயரும்போது, நிறத்தைச் சுருக்கி விரிக்கும்போது. பிக்சலைத் திருப்பிச் சேவ் செய்யும் வேலை இந்த மூன்றையும் தூண்டிவிடக்கூடியது என்பதுதான் சிக்கல்.

படி அளவு எப்படி மாறுகிறது? தரநிலையில் மாதிரியாகக் கொடுத்துள்ள பட்டியலைப் பல மென்பொருள்கள் அப்படியே பயன்படுத்துகின்றன. அதன் முதல் வரிசை 16, 11, 10, 16, 24, 40 என்று போகும். முதல் நிரல் 16, 12, 14, 14, 18, 24 என்று போகும். வரிசையும் நிரலும் ஒன்றல்ல. படத்தை 90 டிகிரி திருப்பினால் வரிசையில் இருந்த மாதிரி நிரலுக்கு வந்துவிடும். நேற்று 40-ஆல் வகுபட்ட எண் இன்று 24-ஆல் வகுபடுகிறது. தர எண்ணை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் படி மாறிவிட்டது.

கட்டக் கோடு இடம் பெயர்வது இதைவிட மோசம். கட்டங்களை எண்ணுவது எப்போதும் இடது மேல் மூலையிலிருந்துதான். ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480×3508 பிக்சல் வரும். 3508-ஐ 8-ஆல் வகுத்தால் 438 முழுக் கட்டம், மீதி 4. தலைகீழாகத் திருப்பினால் பழைய கீழ் ஓரம் மேலே வருகிறது, எண்ணிக்கை அங்கிருந்து தொடங்குகிறது, எல்லாக் கோடும் 4 பிக்சல் தள்ளிப்போகிறது. பழைய கட்டத்தின் எல்லை புதிய கட்டத்தின் நட்டநடுவில் விழும். பழைய எல்லையில் இருந்த சின்ன வெட்டைப் புதிய சுருக்கம் படத்தின் விவரம் என்று நினைத்துப் பத்திரமாகச் சேமிக்கும், அதற்காக உண்மையான எழுத்து விவரத்தைத் தள்ளும். மகன் ஓரத்தை வெட்டினானே, அதுவும் இதே கதைதான். மேலிருந்தோ இடமிருந்தோ 8-இன் மடங்காக இல்லாமல் எத்தனை பிக்சல் வெட்டினாலும் கோடுகள் எல்லாம் பெயர்ந்துவிடும்.

## அறிகுறி: எழுத்து ஓரளவு சரி, ஆனால் முத்திரையின் நிறம் கசிகிறது

இது பெரும்பாலும் படி அளவால் வருவதில்லை. பல ஜேபெக்குகளில் வெளிச்சம் எல்லாப் பிக்சலுக்கும் இருக்கும், நிறம் மட்டும் 2×2 பிக்சலுக்கு ஒரு மதிப்பு என்று பாதி அகலம் பாதி உயரத்தில் இருக்கும். மேலே சொன்ன `identify` வரியில் `2x2,1x1,1x1` என்று வந்தால் இந்த வகை. திறக்கும்போது அந்த நிறத்தை மென்மையாக்கி விரிப்பார்கள், சேவ் செய்யும்போது நாலு பிக்சலைச் சராசரியாக்கி மறுபடி சுருக்குவார்கள். வழக்கமான மென்மையாக்கலில் ஒரு திசையில் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சுற்று முடிந்ததும் நிற மதிப்பில் 8-இல் 6 பங்குதான் சொந்தம், இரண்டு பக்கத்து மதிப்புகளிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்து கலந்திருக்கும். அடுத்த சேவில் இன்னொரு முறை கலக்கும். அதனால்தான் தரத்தை 100-இல் வைத்தே சேவ் செய்தாலும் சிவப்பு முத்திரையின் விளிம்பு சேவுக்குச் சேவ் அகன்றுகொண்டே போகிறது.

## பிக்சலைத் தொடாமல் திருப்புவது

படத்தைத் திருப்ப அதைப் பிக்சலாக விரிக்க வேண்டிய அவசியமே இல்லை. 8×8 கட்டத்தில் இருப்பது கோட்டு மாதிரிகளின் எண்கள்தானே. கட்டத்தை 90 டிகிரி திருப்பினால் செங்குத்துக் கோடு கிடைக்கோடாகும், ஆனால் அது எவ்வளவு அழுத்தமாக இருந்தது என்பது மாறாது. ஆகவே எண்களை அப்படியே வைத்துக்கொண்டு வரிசையை நிரலாகவும் நிரலை வரிசையாகவும் இடம் மாற்றினால் போதும். பிறகு கண்ணாடியில் பார்ப்பது போலப் புரட்ட வேண்டும். அதில் பாதி மாதிரிகள் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமானவை, புரட்டினாலும் அப்படியே இருக்கும். மீதிப் பாதி வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு வரும், அவற்றின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் வேலை முடிந்தது. 2 என்று எழுதியிருந்தது 2-ஆகவோ −2-ஆகவோ வேறொரு இடத்தில் உட்காரும். படிப் பட்டியலும் கூடவே வரிசை நிரல் மாறிக்கொள்ளும், அதனால் 40-ஆல் வகுபட்டது 40-ஆல்தான் பெருக்கப்படும். அப்புறம் கட்டங்களையே புது இடங்களில் அடுக்கிவிட்டால் படம் திரும்பிவிட்டது. எங்கேயும் வகுக்கவில்லை, எங்கேயும் மிச்சம் தள்ளவில்லை.

இதைச் செய்யும் கருவி `jpegtran`. ஜேபெக்குக்கான இலவச நிரல் தொகுப்போடு பல வருடமாகக் கூடவே வருவது, பல படம் பார்க்கும் மென்பொருள்கள் உள்ளுக்குள் இதன் நிரலைத்தான் வைத்திருக்கின்றன.

```
jpegtran -rotate 90 -perfect -copy all -outfile a.jpg photo.jpg
jpegtran -rotate 270 -perfect -copy all -outfile b.jpg a.jpg
identify -format "%# %f\n" photo.jpg b.jpg
```

முதல் வரி வலப்பக்கமாக 90 டிகிரி. இரண்டாவது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. மூன்றாவது வரி இரண்டு படத்தின் பிக்சல்களிலிருந்தும் ஒரு நீண்ட கையொப்பம் கணக்கிட்டுக் காட்டும். 4032×3024 அளவுள்ள போன் படம் ஒன்றில் செய்து பாருங்கள், இரண்டு கையொப்பமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். இதே வேலையை `mogrify -rotate 90` வைத்துச் செய்து பாருங்கள், ஒன்றாக இருக்காது, அது பிக்சல் வழியாகப் போகும் கருவி. எந்த மென்பொருளைச் சந்தேகப்பட்டாலும் இந்தச் சோதனையை வைத்தே அதைப் பிடிக்கலாம்: அதில் ஒரு காப்பியை வலமாக ஒரு தடவை திருப்பி மூடி, மறுபடி திறந்து இடமாக ஒரு தடவை திருப்பி மூடி, கையொப்பத்தை ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. `-outfile` போடாமல் `> photo.jpg` என்று அதே பெயருக்கு அனுப்பிவிடாதீர்கள். கருவி ஃபைலைப் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும், கையில் 0 பைட் ஃபைல் நிற்கும். நான் ஒரு முறை செய்திருக்கிறேன், நல்லவேளை அது காப்பி.

## அறிகுறி: `transformation is not perfect` என்று சொல்லி நின்றுவிடுகிறது

மாமாவின் தலைகீழ்ப் பக்கங்களில் எனக்கு இதுதான் வந்தது. `-rotate 180 -perfect` கொடுத்தேன், மூன்று பக்கத்துக்கும் இதே வரி. இது கோளாறு இல்லை, கருவி நேர்மையாக இருக்கிறது.

2480×3508 படத்தில் கடைசி வரிசைக் கட்டங்கள் பாதிதான் நிரம்பியிருக்கின்றன. 4 பிக்சல் தாள், மீதி நிரப்பு. நிறம் பாதியாகச் சுருங்கிய வகையில் நகரும் அலகு 16×16, ஆனால் 3508-ஐ 16-ஆல் வகுத்தாலும் மீதி அதே 4. இந்த நிரப்பு வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும்தான் இருக்கலாம், அங்கே இருந்தால்தான் படம் காட்டும்போது அதை மறைக்க முடியும். 180 டிகிரி திருப்பினால் கீழ் ஓரம் மேலே போகிறது. மேல் ஓரத்தில் நிரப்பு இருக்க ஜேபெக்கில் வழியில்லை. ஆகவே முடியாது என்கிறது.

புல வரைபடத்தில் இதுவே வேறு மாதிரி வந்தது. அதை வலமாக 90 திருப்ப வேண்டும் என்று நினைத்துக் கொடுத்தேன், முடியாது என்றது. ஆனால் படம் இருந்த நிலையை மறுபடி பார்த்தால் எழுத்தின் தலை வலப்பக்கம் இருந்தது, தேவை இடமாக 90, அதாவது `-rotate 270`. அதைக் கொடுத்ததும் ஒரு புகாரும் இல்லாமல் முடிந்தது. ஒரே அளவுள்ள படம் ஒரு பக்கம் திரும்புகிறது, மறு பக்கம் திரும்ப மறுக்கிறது. காரணம் மேலே சொன்னதுதான்: வலமாகத் திருப்பினால் கீழ் ஓரம் இடப்பக்கம் போகிறது, அங்கே நிரப்பு கூடாது. இடமாகத் திருப்பினால் கீழ் ஓரம் வலப்பக்கம் போகிறது, அங்கே தாராளமாக இருக்கலாம். எனவே வலமாக 90-க்கு உயரம் முழுக் கட்டமாக இருக்க வேண்டும், இடமாக 90-க்கு அகலம் இருக்க வேண்டும், 180-க்கு இரண்டும். 2480-ஐ 16-ஆல் வகுத்தால் 155, மீதியில்லை, அதனால் 270 போயிற்று. 4032×3024 போன் படத்தில் இரண்டு பக்கமும் சரியாக வகுபடுவதால் அங்கே இந்தப் பேச்சே வராது. 1920×1080 படங்களில் வரலாம்: 1080-ஐ 8-ஆல் வகுத்தால் மீதியில்லை, 16-ஆல் வகுத்தால் மீதி 8.

தலைகீழ்ப் பக்கங்களுக்கு `-perfect` என்பதை எடுத்துவிட்டு `-trim` போட்டேன்:

```
jpegtran -rotate 180 -trim -copy all -outfile p03-ok.jpg p03.jpg
```

இது நகர முடியாத 4 பிக்சலை வெட்டிவிட்டு மீதியை இழப்பில்லாமல் திருப்புகிறது, படம் 2480×3504 ஆகும். 300 டிபிஐயில் 4 பிக்சல் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் தலைகீழ்ப் படத்தின் கீழ் விளிம்பு. அங்கே எழுத்து இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் செய்தேன். மூலத்தை அழிக்கவில்லை. 4 பிக்சல் வெள்ளை ஓரமா, பக்கம் முழுக்க இன்னொரு சுற்றுச் சுருக்கமா என்றால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

`-perfect`, `-trim` இரண்டையும் போடாவிட்டால் கருவி நிற்காது, ஆனால் நகர முடியாத கட்டங்களை ஓரத்திலேயே சரியாகத் திரும்பாமல் விட்டுவிடும். படத்தின் விளிம்பில் மெல்லிய பட்டை ஒன்று மட்டும் சம்பந்தமில்லாமல் தெரிந்தால் காரணம் இதுதான். பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் படத்தைத் திருப்பும்போது இந்தப் படத்தின் அளவு காரணமாகத் திருப்பினால் தரம் நிரந்தரமாகக் குறையலாம் என்று ஒரு பெட்டி வருமே, பலரும் படிக்காமல் சரி அழுத்தியது, அது சொன்னதும் இந்தக் கட்டக் கணக்கைத்தான்.

## அறிகுறி: என் கணினியில் நேராக இருக்கிறது, வேறொரு இடத்தில் படுத்திருக்கிறது

ஸ்கேனரில் அவ்வளவாக வராது, போன் படங்களில் வரும். போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் பல போன்கள் பிக்சலைத் திருப்புவதில்லை. படுத்த படத்தை அப்படியே எழுதிவிட்டு, எக்ஸிஃப் தகவலில் ஓரியன்டேஷன் என்ற இடத்தில் ஒரு எண் போடும். 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலமாக 90 திருப்பிக் காட்டு, 3 என்றால் தலைகீழாக்கு, 8 என்றால் இடமாக 90. அந்த எண்ணை மதிக்கும் மென்பொருளில் படம் நேராக நிற்கும், மதிக்காததில் படுத்திருக்கும்.

குழப்பம் எங்கே என்றால், 6 என்று இருக்கும் படத்தை `jpegtran -rotate 90 -copy all` வைத்துத் திருப்பினால் பிக்சலும் திரும்பிவிடும், 6 என்ற எண்ணும் அப்படியே தங்கிவிடும். பார்க்கும் மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்து இன்னொரு 90 திருப்பும், படம் மறுபடி பக்கவாட்டில் படுத்துவிடும். உடனே பதற்றத்தில் இன்னொரு மென்பொருளில் திறந்து திருப்பிச் சேவ் செய்வார்கள், சேதம் அங்கே ஆரம்பிக்கும். பார்த்து, சரிசெய்ய:

```
exiftool -n -Orientation p.jpg
exiftool -n -Orientation=1 p.jpg
```

இதைத் தனியாகச் செய்யச் சோம்பல் என்றால் `exiftran -ai p.jpg`. எண்ணைப் பார்த்து இழப்பில்லாமல் திருப்பி, எண்ணையும் 1 ஆக்கிவிடும். அதே ஃபைலின் மேலேயே எழுதும், காப்பி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்த எண்ணே ஒரு திருப்பும் வழிதான். `-trim` வெட்டும் ஓரத்தில் உண்மையிலேயே எழுத்து இருக்கிறது, ஒரு பிக்சல்கூடப் போகக் கூடாது என்றால் படத்தைத் தொடாமல் `-Orientation=3` என்று மட்டும் எழுதலாம். எல்லா இடத்திலும் மதிக்கப்படும் என்ற உத்தரவாதம் இல்லை, குறிப்பாகப் படத்தைப் பதிவேற்றும் சில தளங்கள் எக்ஸிஃப்பை மொத்தமாக உரித்துவிடும், அங்கே பக்கம் மறுபடி தலைகீழ்தான். எனக்கே என்றால் இது போதும், இன்னொருவருக்குக் கொடுப்பது என்றால் பிக்சலையே திருப்பிக் கொடுப்பேன்.

## அறிகுறி: பக்கம் 2 டிகிரி சாய்ந்திருக்கிறது

இதற்கு இழப்பில்லாத வழி கிடையாது. கட்டத்தை 90-இன் மடங்கில்தான் கலைக்காமல் திருப்ப முடியும். 2 டிகிரி என்றால் ஒவ்வொரு பிக்சலையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். தாளைத் திரும்ப ஸ்கேன் செய்ய முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் மூலத்திலிருந்து ஒரே தடவை: சாய்வு, வெளிச்சம், ஓரம் வெட்டுவது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் செய்து ஒரு முறை சேவ். நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் பிஎன்ஜியாக வையுங்கள், அது எத்தனை தடவை சேவ் செய்தாலும் மாறாது. ஆனால் மங்கிய ஜேபெக்கைப் பிஎன்ஜியாக மாற்றினால் மங்கலைத்தான் பத்திரப்படுத்துகிறீர்கள்.

## ஏற்கனவே கெட்டுவிட்டது என்றால்

போன மிச்சங்களைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கமாண்டும் இல்லை. கூர்மையாக்கினால் எழுத்தோடு சேர்ந்து கொசுக்களும் கூர்மையாகும், 3-ஆ 8-ஆ என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். தேட வேண்டியது தொடாத காப்பியை. மாமாவுக்குக் கடையில் கொடுத்த பென் டிரைவ் பீரோவில் இருந்தது. அவர் கணினியில் காப்பி எடுத்து அதைத்தான் திருப்பியிருக்கிறார், டிரைவில் இருந்த 14 ஃபைலும் கன்னி கழியாமல் இருந்தன. `%Q` எல்லாவற்றுக்கும் 90. பத்தைத் தொடவில்லை, மூன்றுக்கு `-trim`, வரைபடத்துக்கு 270, கால் மணி நேர வேலை. மகனுக்கு அனுப்பும்போது சாட் செயலியில் போட்டோவாக அனுப்ப வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று சொன்னேன், போட்டோவாக அனுப்பினால் வழியிலேயே அளவைக் குறைத்து இன்னொரு தடவை சுருக்கிவிடும். வரைபடத்தில் இருந்தது 8.